குட்டையாக இருக்கும் ஆரோக்கியமான பிள்ளைக்கு வளர்ச்சி ஊசி போடலாமா?
தாத்தா பாட்டிகளுக்கு ஒரு விளக்கம்

பிள்ளைகளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வைத்த பழக்கம் உங்களில் பலருக்கு இருந்திருக்கும். இன்று பேரப்பிள்ளையின் உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஹார்மோன் ஊசி போட்டால் வளர்ந்துவிடுவானாம்" என்று மகனோ மருமகளோ சொல்லலாம். செலவு அதிகம் என்பதால் உங்கள் ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பற்றியும் பேச்சு எழலாம். அந்த நேரத்தில் உங்கள் வார்த்தைக்குக் குடும்பத்தில் மதிப்பு உண்டு. எனவே இந்த ஊசி யாருக்கானது, ஆரோக்கியமான பிள்ளைக்கு அது எவ்வளவு தரும், மருத்துவர்களுக்குள்ளேயே இதில் ஏன் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளின் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனைப் போதிய அளவு சுரப்பதில்லை. அவர்களுக்கு இந்த ஊசி உண்மையான மருந்து. டர்னர் குறைபாடு உள்ள பெண் பிள்ளைகளுக்கும், நாள்பட்ட சிறுநீரக நோயால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் இது பயன்படுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மருத்துவர் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், இந்தத் துண்டறிக்கையைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். இங்கே நாம் பேசுவது வேறு பிள்ளையைப் பற்றி. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தாகிவிட்டது, நோய் எதுவும் இல்லை, ஹார்மோனும் சரியாக இருக்கிறது, ஆனால் பிள்ளை குட்டை. அந்தப் பிள்ளையைப் பற்றி.

இந்தக் கேள்வி எப்படி வந்தது?

வளர்ச்சி ஹார்மோனை முதன்முதலில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக 1958-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரிஸ் ராபென் என்ற மருத்துவர் அறிவித்தார். அந்த மருந்து, இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்குத் தேவையான மருந்துக்கே பல சடலங்களின் சுரப்பிகள் வேண்டியிருந்தன. அதனால் மருந்து எப்போதும் பற்றாக்குறை. குறைபாடு மிகக் கடுமையாக உள்ள பிள்ளைகளுக்கே அது போய்ச் சேர்ந்தது. ஆரோக்கியமான பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கே அன்று இடமில்லை.

1985-இல் ஒரு பெரும் துயரம் வெளிப்பட்டது. முன்பு இந்த ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர், மூளையைச் சிதைக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கப் என்ற நோயால் இறந்தது தெரியவந்தது. சடலங்களிலிருந்து எடுத்த மருந்தின் வழியே நோய் பரவியிருந்தது. பிரான்சில் மட்டும் நூறுக்கும் மேற்பட்டவர்கள் பிற்காலத்தில் இதனால் இறந்தார்கள். பழைய மருந்து நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு, ஆய்வுக்கூடத்தில் மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரித்த ஹார்மோனுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இன்று எல்லா இடங்களிலும் இருப்பது இந்தப் புதிய வகைதான். இதில் அந்த மூளை நோய் வர வழியில்லை. உங்களில் யாராவது பழைய செய்தியை நினைவில் வைத்துப் பயந்தால், அந்தப் பயம் தேவையில்லை.

ஆனால் புதிய மருந்தை எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம். பற்றாக்குறை தீர்ந்ததும், "வேறு யாருக்கெல்லாம் கொடுக்கலாம்?" என்ற கேள்வி பிறந்தது. 2003-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், குறைபாடு இல்லாத, மிகக் குட்டையான பிள்ளைகளுக்கும் இதைப் போடலாம் என்று அனுமதித்தது. உயரத்தில் கடைசி 1.2 விழுக்காட்டில் இருப்பவர்கள் என்பது அளவு. வளர்ந்த பிறகு ஆண் சுமார் 160 சென்டிமீட்டருக்கும், பெண் சுமார் 150 சென்டிமீட்டருக்கும் கீழே நிற்பார்கள் என்று எதிர்பார்க்கப்படும் பிள்ளைகள். ஐரோப்பிய மருந்து நிறுவனம் இந்தக் காரணத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஒரே மருந்து, ஒரே ஆய்வுகள், இரண்டு முடிவுகள்.

அந்த 160, 150 என்ற கணக்கு அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. வீட்டில் இருக்கும் பழைய குடும்பப் படத்தை எடுத்துப் பாருங்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து நம்மை வளர்த்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் ஊசிக்குத் தகுதி பெற்றிருப்பார்கள்!

எவ்வளவு உயரம் கிடைக்கும்?

இதற்கு மிகவும் நம்பகமான பதில், அமெரிக்க தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்கள் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் கிடைக்கிறது. குறைபாடு இல்லாத 68 குட்டையான பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஹார்மோனும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசியும் வாரத்துக்கு மூன்று முறை, பல ஆண்டுகள் போடப்பட்டன. யாருக்கு எது என்பது பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. முடிவில், ஹார்மோன் போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.7 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். உங்கள் இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம்.

இந்த ஆய்வே ஒரு சர்ச்சையில் சிக்கியது. நோயில்லாத பிள்ளையை வெறும் ஊசியால் ஆண்டுக்கணக்கில் குத்துவது சரியா என்று 1992-இல் எதிர்ப்பு கிளம்பியது. ஆய்வு சிறிது காலம் நிறுத்தப்பட்டு, மறு ஆலோசனைக்குப் பிறகு தொடர்ந்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வெறும் ஊசிப் பிள்ளைகள் இல்லாமல் போயிருந்தால், ஊசி உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆரோக்கியமான பிள்ளை தானாகவே வளர்ந்த உயரத்தையெல்லாம் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

இப்போது அளவைக் கூட்டி, தினமும் ஊசி போடுகிறார்கள். அப்போது சராசரிப் பலன் 4 முதல் 6 சென்டிமீட்டர் வரை என்று சொல்லலாம். சராசரி என்பதைக் கவனியுங்கள். சிலர் அதற்கு மேலும் வளர்கிறார்கள், சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைப்பதில்லை. யார் எந்தப் பக்கம் போவார் என்று தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்ல வழியில்லை. முதல் ஆண்டில் பிள்ளை வேகமாக வளர்வதைப் பார்த்துக் குடும்பம் மகிழும். ஆனால் அந்த வேகம் அப்படியே நீடிப்பதில்லை. முதல் ஆண்டிலும் வேகம் கூடவில்லை என்றால், தொடர்வதில் பொருளில்லை என்றே மருத்துவர்கள் சொல்வார்கள்.

ஒரு பிள்ளையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கிள்ளானில் 10 வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்காக அவனைக் கவின் என்று அழைப்போம். உயரம் 123 சென்டிமீட்டர், எடை 24 கிலோ. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் 10 வயதுப் பையனின் சராசரி ஏறத்தாழ 138. கவின் வகுப்பில் முதல் வரிசையில்தான் நிற்கிறான். அவனுடைய அப்பா 162, அம்மா 150. பாட்டி கவலைப்பட்டு, கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போகிறார்.

மருத்துவர் முதலில் கேட்பது இன்றைய உயரத்தை அல்ல, போன ஆண்டின் உயரத்தை. பள்ளியில் எடுத்த அளவில் அது 118 என்று இருக்கிறது. ஓர் ஆண்டில் 5 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். இந்த வயதுக்கு இது சரியான வேகம். ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்திருந்தால், அதுதான் கவலைக்குரிய அறிகுறி. குட்டையாக இருப்பதைவிட, வளராமல் நிற்பதே மருத்துவரைச் சந்தேகப்பட வைக்கும்.

அடுத்து பெற்றோரின் உயரத்தை வைத்து ஒரு கணக்கு. பையன் என்றால் அப்பா, அம்மா இருவர் உயரத்தையும் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் 13-ஐக் கழிக்க வேண்டும். கவினுக்கு 162-உம் 150-உம் 13-உம் சேர்ந்து 325. பாதி 162.5. இதிலிருந்து எட்டரை சென்டிமீட்டர் மேலும் கீழும் போகலாம். அதாவது 154 முதல் 171 வரை எங்கே நின்றாலும் அவன் தன் குடும்பத்துக்கு ஏற்றபடிதான் வளர்ந்திருக்கிறான்.

பிறகு இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். கவினின் எலும்பு 8 வயதுப் பிள்ளையின் எலும்பைப் போல இருக்கிறது. 8 வயதுப் பையனின் சராசரி உயரம் 127. அந்தக் கணக்கில் பார்த்தால் 123 என்பது சற்றே குறைவு, அவ்வளவுதான். அவன் எலும்பில் இன்னும் இரண்டு ஆண்டு வளர்ச்சி மிச்சம் இருக்கிறது. அப்பாவைக் கேட்டால், "நானும் மூன்றாம் படிவம் வரை வகுப்பிலேயே குட்டை, பிறகுதான் வளர்ந்தேன்" என்கிறார். இப்படித் தாமதமாக வளர்வது சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். இரத்தப் பரிசோதனையில் இரத்தச்சோகை, தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயம். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க ஒரே அளவில் சுரப்பதில்லை. பெரும்பாலும் தூக்கத்தில், அலை அலையாகச் சுரக்கிறது. எனவே சாதாரணமாக ஒரு முறை இரத்தம் எடுத்து, "ஹார்மோன் குறைவு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறைபாடு இருக்கிறதா என்று உறுதி செய்ய, சுரப்பியைத் தூண்டும் மருந்தைக் கொடுத்து, சில மணி நேரத்துக்குள் இடைவெளி விட்டுப் பலமுறை இரத்தம் எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கவினின் அப்பா ஊசி போடலாம் என்கிறார். அவர் சொல்லும் காரணம் வெறும் அழகு அல்ல. பையனுக்குப் போலீஸ் வேலையில் ஆசை. காவல்துறையின் ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் ஆண்களுக்கு 163 சென்டிமீட்டர், பெண்களுக்கு 157 என்று குறைந்தபட்ச உயரம் கேட்டிருப்பார்கள். கணக்கில் வந்ததோ 162.5. அரை சென்டிமீட்டரால் பையனின் வாழ்க்கை போய்விடுமே என்கிறார். இந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கு அரை சென்டிமீட்டர் துல்லியமானது அல்ல. 154-க்கும் 171-க்கும் நடுவே எங்கோ நிற்கப்போகும் பையனுக்கு, 162.5 என்ற எண் ஒரு மையப் புள்ளி மட்டுமே. ஊசி இல்லாமலே அவன் 166 வரலாம். ஊசி போட்டும் 160-இல் நிற்கலாம்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தக் காரணத்துக்காகப் போடும்போது மருந்தின் அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 0.3 மில்லிகிராம் என்ற அளவில் தொடங்கும். 24 கிலோ கவினுக்கு வாரம் 7.2 மில்லிகிராம், தினமும் ஏறக்குறைய 1 மில்லிகிராம். எடை கூடக்கூட மருந்தும் கூடும், செலவும் கூடும். பேனா போன்ற ஊசியால் ஒவ்வோர் இரவும் தொடையிலோ வயிற்றிலோ இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் உறையாமல் வைக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் ஐஸ் பெட்டியில் கூடவே போகும். ஐந்து ஆண்டுகள் என்றால் 1,800-க்கும் மேற்பட்ட ஊசிகள்.

பணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 2006-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, இப்படி ஐந்தாண்டு ஊசி போடும் ஒரு பையனுக்குக் கூடும் உயரம் ஏறக்குறைய 2 அங்குலம். ஓர் அங்குலத்துக்கான செலவு 52,000 டாலருக்கு மேல். இங்கே விலை வேறு, ஆனாலும் தனியாரில் ஆண்டுக்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். ஒரு மாதச் செலவை மட்டும் கேட்டுவிட்டுச் சேமநிதியில் கை வைக்காதீர்கள். பிள்ளை பெரியவனாகும் வரை மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பக்க விளைவுகள் பெரும்பாலும் கடுமையானவை அல்ல. ஆனாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஊசி தொடங்கிய சில வாரங்களில் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடியிருக்கலாம். பிள்ளை நொண்டி நடந்தாலோ இடுப்பு, முழங்கால் வலி என்றாலோ தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவியிருக்கலாம். இரண்டுக்கும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகெலும்பு ஏற்கெனவே வளைந்திருந்தால், வேகமாக வளரும்போது வளைவு கூடலாம். இரத்தத்தில் சர்க்கரையும் கூடலாம். நம் குடும்பங்களில் நீரிழிவு சாதாரணமாக இருப்பதால், தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நீரிழிவு இருப்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். நீண்டகால ஆபத்தைப் பற்றி 2012-இல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு அச்சமூட்டியது. பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சேர்த்து 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், வேறு நோயில்லாத பிள்ளைகளிடையே மரணம் கூடியதாகத் தெரியவில்லை. இது ஆறுதலான செய்தி.

குட்டையாக இருப்பது நோயா?

மருத்துவர்களையும் அறநெறி அறிஞர்களையும் இரண்டாகப் பிரிக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நார்மன் டேனியல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் அதை எழுதினார். ஜானி, பில்லி என்று இரண்டு பையன்கள். இருவரும் வளர்ந்து 160 சென்டிமீட்டரில் நிற்பார்கள். ஜானிக்கு மூளைக் கட்டியால் ஹார்மோன் குறைந்துவிட்டது, பெற்றோர் சராசரி உயரம். பில்லிக்கு ஹார்மோன் சரி, பெற்றோரே குட்டை. பள்ளியில் இருவரும் ஒரே கேலியைத்தான் கேட்கப்போகிறார்கள். ஜானிக்கு ஊசி, பில்லிக்கு இல்லை என்பது நியாயமா?

ஊசியை ஆதரிப்பவர்கள் பில்லியின் பக்கம் நிற்கிறார்கள். காரணம் எதுவானாலும் துன்பம் ஒன்றுதானே என்கிறார்கள். அதோடு, குறைபாடு உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோடே மனிதர் போட்டது. தூண்டல் பரிசோதனையில் சில இடங்களில் 10-க்குக் கீழே குறைபாடு என்பார்கள், சில இடங்களில் 7-க்குக் கீழே என்பார்கள். இதுவும் உண்மை.

மறுபக்கம் இருப்பவர்கள், பில்லிக்கு ஊசி போட்டால் அடுத்த பில்லி வருவான் என்கிறார்கள். கடைசி 1.2 விழுக்காட்டினர் எல்லாரும் வளர்ந்துவிட்டாலும், வரிசையின் கடைசியில் வேறு 1.2 விழுக்காட்டினர் நிற்பார்கள். ஊசி வாங்க முடிந்தவன் வளர, முடியாதவன் இன்னும் குட்டையாகத் தெரிவான். எங்கள் பார்வையில் இந்த வாதத்துக்கு எடை அதிகம்.

துன்பம் என்று சொல்கிறோமே, அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதியில், 1980-களில் பள்ளியில் சேர்ந்தபோது மிகக் குட்டையாக இருந்த பிள்ளைகளை, அதே வயதில் சராசரி உயரமுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குட்டையான பிள்ளைகள் அதிகம் கேலிக்கும் தொந்தரவுக்கும் ஆளானது உண்மை. ஆனால் தன்னைத்தான் மதிப்பதில் அவர்கள் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. இன்னொன்று, ஊசியால் கூடும் சில சென்டிமீட்டர் பிள்ளையின் மகிழ்ச்சியைக் கூட்டியதாகவும் உறுதியான ஆதாரம் இல்லை. ஒவ்வோர் இரவும் ஊசி குத்திக்கொள்ளும் பிள்ளை, "என்னிடம் ஏதோ கோளாறு" என்று நினைக்கத் தொடங்கினால் அது யார் கணக்கில் சேரும்?

பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்றால் ஆசிரியரிடம் பேசுங்கள். வீட்டிலும் கொஞ்சம் கவனியுங்கள். விருந்தினர் வந்தால் பேரனையும் அவன் வயதுப் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்பதும், செல்லமாகக் "குள்ளா" என்று கூப்பிடுவதும் அன்பில் செய்வதுதான். பிள்ளை அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

வட அமெரிக்காவின் குழந்தை ஹார்மோன் மருத்துவர் சங்கம், குட்டை என்ற ஒரே காரணத்துக்காக எல்லாப் பிள்ளைக்கும் வழக்கமாக ஊசி எழுத வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அறிவுறுத்துகிறது. அனுமதி கொடுத்த நாட்டிலேயே நிலைமை இதுதான். முடிவெடுக்கும்போது பிள்ளையையும் கேட்க வேண்டும். 10 வயதுப் பிள்ளைக்கு ஊசி என்றால் என்ன, எத்தனை ஆண்டு என்று புரியும். அவன் வேண்டாம் என்றால் அது பெரிய பதில்.

நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டிலேயே ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். காலணி இல்லாமல், கொண்டையோ பின்னலோ இருந்தால் அவிழ்த்து, குதிகால் சுவரைத் தொடும்படி நிறுத்தி, தலைமேல் தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். எப்போதும் காலையிலேயே அளந்து பாருங்கள். மாலையில் முதுகெலும்பு அழுந்தி உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்து தெரியும். பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவேடு வீட்டில் இருந்தால், அதைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

வளர்ச்சி திடீரென்று குறைந்தாலும், தலைவலி, பார்வைக் கோளாறு இருந்தாலும், பிள்ளை பெற்றோரின் உயரத்துக்குப் பொருந்தாமல் மிகக் குட்டையாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுங்கள். அங்கிருந்து, கிள்ளானில் உள்ளவர்களைத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக் குழந்தை நல மருத்துவரிடமும், பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் உள்ளவர்களை அருகிலிருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கும் அனுப்பலாம்.

வளர்ந்து முடித்த பிள்ளைக்கு இந்த ஊசியால் உயரம் கூடாது. எலும்பின் வளரும் நுனிகள் மூடிவிட்டால் எந்த மருந்தும் அவற்றைத் திறக்காது. எனவே 18 வயதுப் பேரனுக்கு உயரம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது ஊசியோ மாவோ மாத்திரையோ விற்றால் வாங்காதீர்கள். எந்த மருந்தானாலும் பெட்டியில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கவின் விஷயத்தில் மருத்துவர் ஊசி எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். பாட்டி வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவில் காலையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் 123 என்ற எண்ணையும் எழுதினார். அடுத்த கோடு இரண்டரை சென்டிமீட்டர் மேலே விழுந்தால், அவன் தன் வேகத்தில் சரியாக வளர்ந்துகொண்டிருக்கிறான்.